எட்டடி கேட்டின் பெருமை

பெரம்பலூரிலும் அரியலூரிலும் புதுவீடு கட்டுகிறவர்களின் பெருந்தன்மைக்கு ஈடே கிடையாது. மனை வாங்கியதும் வாஸ்துக்காரரை அழைத்து, உச்சம் எங்கே என்று கேட்டு, மனையின் ஒரு மூலையில் வாசலைக் குறிக்கிறார்கள். அடுத்து மேஸ்திரியிடம் "8 அடிக்குக் கேட் போட்டுடுங்க" என்கிறார்கள். அவரும் "கார் 6 அடிதானே சார், தாராளமாப் போகும்" என்று உறுதி கொடுக்கிறார். கார் நேராக வருமா, திரும்பி வருமா என்றெல்லாம் கேட்டு அவருடைய மனதைப் புண்படுத்துவதில்லை. அந்தப் பண்பாட்டுக்குத் தலைவணங்க வேண்டும்.

கணக்குப் பார்க்கும் சில அற்பர்கள் இருக்கிறார்கள். கார் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பார்கள். டிசையரை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் அகலம் 5 அடி 8 அங்குலம்தான். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், வெளிப்பக்க பம்பர் முனையிலிருந்து உள்பக்கக் கதவு வரை அது துடைத்துக்கொண்டு போகும் பட்டையின் அகலம் 9 அடியைத் தாண்டிவிடும். 10 அடிச் சந்தில் எதிர்ச்சுவரை ஒட்டி வந்து ஒரே திருப்பில் நுழைய, கேட் தூண்களுக்கு நடுவே தடையில்லாமல் 11½ அடி வேண்டும். இதில் இருபுறமும் முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி அடக்கம். சந்து 12 அடியென்றால் 11 அடி போதும். 8 அடியென்றால் 13 அடி வேண்டும். சந்து குறுகக் குறுக கேட் விரிய வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நம் ஊர்க்காரர்கள் இதை அழகாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சந்து சின்னது, ஆகையால் கேட்டும் சின்னது. பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம்! அந்த 8 அடியிலும் திறந்த கதவுகள் இரண்டும் ஆளுக்கு மூன்று அங்குலம் எடுத்துக்கொள்ளும். தூணுக்கு ஒட்டிய கிரானைட் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தூண்மேல் சிங்கம் மட்டும் இடத்தை அடைக்காது. சிங்கம் மேலே இருப்பதால் அது நியாயஸ்தன்.

சந்தின் அகலத்தை வளர்ப்பதிலும் நம்மவர்களின் சேவை பெரிது. பத்திரத்தில் 10 அடி என்று இருந்தால், எதிர்வீட்டு அண்ணன் தன் கேட்டுக்கு முன்னால் சாக்கடைக்கு மேல் 2 அடிக்குச் சாய்தளம் போட்டு, அதன் இரண்டு ஓரத்தையும் படிபோல் செங்குத்தாக நிறுத்திவிடுவார். அப்போது உங்கள் சந்து 8 அடி. உங்கள் கேட் 13 அடி ஆக வேண்டும். நீங்கள் சும்மா இருப்பீர்களா? நீங்களும் 2 அடி போடுகிறீர்கள். உங்கள் சாய்தளம் அவருடைய கேட்டைக் கெடுக்கிறது, அவருடையது உங்களுடையதை. கொடுக்கல் வாங்கலில் இவ்வளவு சமத்துவம் எந்தச் சங்கத்திலும் கிடையாது. மிச்சமுள்ள 6 அடியில் மின்கம்பமும் ஒரு பைக்கும் சுகமாக வாழ்கின்றன.

ஆனால் மேலான புகழ் உயரம் சம்பந்தப்பட்டது. ஒவ்வொரு தடவை தெரு போடும்போதும் சாலை இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. பழைய தார்த்தளத்தைச் சுரண்டியெடுத்துவிட்டே புதிதாகப் போடவேண்டும் என்று 2021ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவு கோப்பில் பத்திரமாக இருந்தாலும், நம் ஆட்கள் அதற்கு முன்னரே தீர்வு கண்டுவிட்டார்கள்: வீட்டையே 3 அடி தூக்கிவிடுவது. வீட்டோடு போர்டிகோவையும் தூக்குவதுதான் இதில் நுட்பம்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். துறைமங்கலம் பக்கம். போர்டிகோ சாலையிலிருந்து சரியாக 3 அடி உயரம். கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் இடையே 6 அடி. தெருவில் 3 அடி நீட்டிச் சாய்தளம். ஆக, 9 அடி தூரத்தில் 3 அடி ஏற்றம். மூன்றுக்கு ஒன்று. கார் ஏறி, முன்சக்கரம் போர்டிகோவில் சமதளத்துக்கு வரும். பின்சக்கரம் இன்னும் சரிவில் இருக்கும். அந்த நிமிடம் விளிம்பு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 8 அங்குலம் எழும்பி நிற்கும். டிசையரின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி காலியாக இருக்கும்போதே 6½ அங்குலத்துக்குக் கீழ். குடும்பத்தோடு ஏறினால் இன்னும் குறையும். வண்டி விளிம்பின்மேல் படுத்துக்கொள்ளும். உறவினர்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஒற்றுமையை வளர்க்க இதைவிடச் சிறந்த கட்டடக்கலை உண்டா?

அந்த அற்பர்கள் இங்கேயும் வருவார்கள். எட்டுக்கு ஒன்று என்பதைத் தாண்டாதே என்பார்கள். அதாவது 3 அடி ஏற்றத்துக்கு 24 அடி நீளம். 9 அடி தூரத்தில் ஒரு அடிக்குச் சற்று மேலே மட்டுமே ஏற முடியும். ஆகவே வீட்டுத் தரை 3 அடியில் இருக்கட்டும். போர்டிகோவைச் சாலையைவிட அரை அடி முக்கால் அடி மட்டும் உயர்த்தி, அங்கிருந்து படிக்கட்டு வையுங்கள் என்பார்கள். சரிவின் மேல், கீழ் இரண்டு முனையிலும் பாதிச் சரிவில் ஒரு கார்ச்சக்கர இடைவெளி அளவுக்கு வளைத்துவிடு, கேட் கதவு உள்ளே திறக்கும் இடத்தைச் சமமாக விடு, இல்லாவிட்டால் கதவின் அடி சரிவில் முட்டும் என்றும் பாடம் நடத்துவார்கள். படிக்கட்டில் ஏறி வீட்டுக்குள் போவது கால்வலி. கார் ஏறாமல் நிற்பதில் வலி என்ன இருக்கிறது?

அரியலூர் சிமென்ட் ஊர். பற்றாக்குறை என்ற பேச்சே வராது. சாய்தளத்தைத் தடிமனாக ஊற்றுவார்கள், அடியில் கரிசல் மண் இருப்பதை மட்டும் நினைக்கமாட்டார்கள். மழையில் மண் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். சாய்தளம் ஒரு பக்கம் இறங்கி, கேட்டின் கீழ் இரண்டு அங்குலப் படி ஒன்று தானாக உருவாகும். இலவசமாகக் கிடைத்த வேகத்தடை!

அற்பர்களுக்குக் கடைசியாக ஒரு சோதனை உண்டாம். சுவர் எழுப்பும் முன், காலி மனையில் தூண் வரப்போகும் இரண்டு இடத்திலும் செங்கல்லை அடுக்கி வைத்து, எதிர்வீட்டுச் சாய்தளத்தையும் அளவாகச் சுண்ணாம்பால் கோடு போட்டு, தெரிந்தவர் காரை ஒருமுறை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டுமாம். இன்னோவா மாதிரி நீள வண்டியானால் இன்னும் நல்லதாம். செங்கல் விழுந்தால் கேட்டை உள்ளே இரண்டு அடி தள்ளி, காம்பவுண்டு மூலையைச் சாய்வாகச் சீவிவிட வேண்டுமாம். சந்து இரண்டு அடி அகன்ற மாதிரி ஆகுமாம். அரை மணி நேரமும் பத்துச் செங்கலும் வீணாக்க நம்மிடம் எங்கே இருக்கிறது?

நம் வழியே மேல். சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் நூறில் வந்த கார், தன் வீட்டு வாசலுக்கு முன் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தெருவில் தூங்குகிறது. குப்பை வண்டி ஒலியெழுப்பிக் காத்திருக்கிறது. கேட்டோ கட்டிய அன்று போலவே இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. நுழைந்து கீறுவதற்கு வண்டி ஏது?