பத்தாண்டு உத்தரவாதம், ஆலை வாசல் வரை

கட்டடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து கண்ணாடி முகப்புக்கு 10 ஆண்டு உத்தரவாதம் வேண்டும் என்கிறது ஒப்பந்தம். சப்ளையரின் தாளிலும் 10 என்றே இருக்கிறது. ஆனால் கணக்கு தொடங்குவது சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பிய தேதியில். கண்ணாடி தளத்தில் 14 மாதம் பெட்டிக்குள் தூங்கினால், அந்தத் தூக்கமும் உத்தரவாதத்தில்தான் கழியும்.

இரட்டைக் கண்ணாடியின் ஓரச் சீல் விட்டு உள்ளே ஈரம் படிந்தால் மாற்றுக் கண்ணாடி இலவசம், ஆலை வாசலில். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதையும் ஒப்பந்தம் கேட்டிருந்தது. சப்ளையரின் தாளிலோ பதினெட்டாம் மாடிக்கு ஏற்றும் கிரேன், தொங்கு தொட்டில், ஆள்கூலி ஆகியவை உரிமையாளர் பாடு. பல சமயம் கண்ணாடியின் விலையே இவற்றுக்கு முன் சில்லறை.

அலுமினியப் பூச்சுக்கான விலக்கு இன்னும் ருசியானது. கடலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் உத்தரவாதம் செல்லாது. கட்டடமோ அலையிலிருந்து 400 மீட்டரில் நிற்கிறது. வரைபடத்தில் கடலை எல்லோரும் பார்த்தார்கள், சின்ன எழுத்தை யாரும் பார்க்கவில்லை. கழுவிய பதிவேடு இல்லாவிட்டாலும் உத்தரவாதம் போச்சு. தள முகவரியைக் குறிப்பிட்டுப் பூச்சு நிறுவனமே தரும் கடிதம் வரும்வரை, மதிப்பாய்வில் பூச்சு உத்தரவாதத்துக்கான வரி ‘ஏற்கப்படவில்லை’ என்றே நிற்கும்.