பெயர் சரி, மதிப்பெண் பாதி

கேள்வி: புவியியல் செய்முறைத் தேர்வில் கறுத்து மின்னிய கல்லை 'ஹேமடைட்' என்று சரியாகவே எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. ஏன்?

பதில்: பெயரை எழுதிவிட்டீர்கள், சாட்சிகளைக் கூப்பிடவில்லையே! உலோகப் பளபளப்போடு கறுப்பாக இருக்கும் கல் மேக்னடைட்டாகவும் இருக்கலாம். சேலம் கஞ்சமலையில் கிடைப்பது அதுதான்.

முதலில் கண்ணாடியில் கீறுங்கள். விழுந்த கோட்டை விரலால் துடையுங்கள். அழிந்தால் அது கல்லின் தூள், அழியாவிட்டால்தான் கீறல். கண்ணாடியைக் கீறி, குவார்ட்ஸால் தானும் கீறப்பட்டால் 'கடினத்தன்மை 5.5-க்கும் 7-க்கும் இடையே' என்று எழுதுங்கள். புத்தகத்தில் படித்த '6' வேண்டாம். அதை நீங்கள் அளக்கவில்லை.

அடுத்து ஒப்படர்த்தி. கல் காற்றில் 105 கிராம், நூலில் கட்டி நீரில் அமிழ்த்தினால் 85 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20; 105-ஐ 20-ஆல் வகுத்தால் 5.25. கல்லில் குவார்ட்ஸ் கலந்திருந்தாலோ காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தாலோ இது குறையும், அதையும் குறிப்பிடுங்கள்.

பளபளப்பு, கடினத்தன்மை, ஒப்படர்த்தி ஆகிய இந்த மூன்றும் மேக்னடைட்டுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்! வழக்கை முடிப்பது மெருகிடாத பீங்கான் தட்டு. அதில் தேய்த்தால் ஹேமடைட் செம்பழுப்பாகக் கோடு போடும், மேக்னடைட் கறுப்பாக. கல்லின் நிறம் ஏமாற்றும், தூளின் நிறம் இங்கே ஏமாற்றாது. காந்தம் வலுவாக ஒட்டவில்லை என்பதையும் சேர்த்து, 'ஆகவே மேக்னடைட் அல்ல, ஹேமடைட்' என்று முடியுங்கள். அந்த 'ஆகவே'க்குத்தான் மீதி மதிப்பெண்.