மூட்டையின் விலை

எண்பதுகளில் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்படுகிற குடும்பத்தின் சாமான்களை யாரும் கிலோவில் சொன்னதில்லை. தாதர் ஸ்டேஷன் வாசலில் சிவப்புச் சட்டைக்காரர் கேட்பதும் எத்தனை உருப்படி என்றுதான். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு, வழிச்சோற்றுப் பை, கூஜா. மெட்ராஸ் வரை ஒரு ரயில், எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். திரும்பி வரும்போது உருப்படிகள் கூடிவிடும். கருப்பட்டி, அரிசி, பனங்கிழங்கு, முறுக்குத் தூக்கு, இவற்றோடு சீட்டுக்கு அடியில் ஒரு நல்லெண்ணெய் டின். அந்த டின் மட்டுமே 15 கிலோ.

ரயில்வேக்கு விதி இல்லாமல் இல்லை. படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம், அதற்கு மேல் போனால் லக்கேஜ் ஆபீசில் எடை போட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பது இன்றைக்கும் உள்ள விதி. ஆனால் எங்கள் பெட்டியை யாரும் தராசில் ஏற்றிப் பார்த்த நினைவில்லை. டிக்கெட்டில் அச்சடித்த தொகைதான் பயணத்தின் விலை. அதை வைத்துத்தான் அப்பா ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

விமானத்தில் அப்போது போனவர்கள் மாட்டுங்காவில் பாங்கு வேலை பார்த்தவர்களும், செம்பூரில் கம்பெனி செலவில் பறந்தவர்களும்தான். இந்தியன் ஏர்லைன்ஸ் டிக்கெட் எங்களுக்கு எட்டாத விலை. ஆனாலும் அந்த ஒரே தொகைக்குள் 20 கிலோ பெட்டி, சாப்பாடு, இருக்கை எல்லாம் அடங்கியிருந்தன. 2003-இல் ஏர் டெக்கான் வந்தது, 2005-இல் ஸ்பைஸ்ஜெட், 2006-இல் இண்டிகோ. ரயிலில் இரண்டு இரவு உட்கார்ந்து போன நாங்களும் பறக்க ஆரம்பித்தோம். அது எங்கள் வாழ்க்கையில் நடந்த பெரிய நல்லது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரில் சாவு விழுந்தால் முகம் பார்க்கப் போய்ச் சேர முடிகிறது.

அந்த ஒரே தொகை பிரிந்த கதையைத்தான் நம் ஆட்கள் பலர் கவனிக்கவில்லை. நான் இத்தனை வருஷமாக மாட்டுங்காவில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவன், அதனால் ஒவ்வொரு மாற்றமும் என் மேஜைக்கு வந்தது. 2013-இல் மத்திய அரசு, சில சேவைகளை டிக்கெட்டிலிருந்து பிரித்துத் தனிக் கட்டணம் வாங்க விமான நிறுவனங்களை அனுமதித்தது. விரும்பித் தேர்ந்தெடுக்கும் இருக்கை, சாப்பாடு, லக்கேஜ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குடிதண்ணீருக்கு மட்டும் காசு கேட்கக் கூடாது. இலவச எடை 20 கிலோவிலிருந்து 15-க்கு இறங்கியது அந்தக் காலகட்டத்தில்தான். 2016-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ இடையில் நுழைந்து, 15 கிலோவுக்கும் 20-க்கும் நடுவில் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த வரம்பை ரத்து செய்தது. மறு வருஷமே கவுன்டரில் கிலோவுக்கு 400 ரூபாய் என்றாகிவிட்டது. 5 கிலோ கூடினால் 500 ரூபாயோடு போயிருக்க வேண்டியது 2,000 ஆனது.

அடுத்த படி 2021 பிப்ரவரியில் வந்தது. பெட்டியே போடாத பயணிக்குக் குறைந்த விலையில் டிக்கெட் விற்கலாம் என்று டிஜிசிஏ அனுமதித்தது. 2024-இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ‘எக்ஸ்பிரஸ் லைட்’ என்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் எடுத்துப்போகும் பை மட்டும்தான், பெட்டிக்கு எடை சுழியம். பெட்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே வாங்க உள்நாட்டில் 1,000 ரூபாயிலிருந்து என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஏர் இந்தியாவும் தன் கீழ்நிலைக் கட்டணங்களில் 20-ம் 25-மாக இருந்ததை 15 ஆக்கிவிட்டு, 25 கிலோவை ‘ஃபிளெக்ஸ்’ என்ற மேல்நிலைக் கட்டணத்துக்குக் கொடுத்தது. ஆக, ஒரே விமானம், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருவருக்கு 15 கிலோ, இன்னொருவருக்கு 25. டிக்கெட்டில் போட்டிருக்கிற கட்டண வகையின் பெயர்தான் அதைத் தீர்மானிக்கிறது.

செட்டா நகரிலிருந்து ஒரு அக்கா கொடைக்கு ஊருக்குப் போக டிக்கெட் கேட்டு வந்தார். மும்பையிலிருந்து மதுரை, அங்கிருந்து பஸ்ஸில் நெல்லை. “அண்ணாச்சி, போன்ல 4,200-க்குக் காட்டுது, அதையே போட்டுருங்க” என்றார். நான் முதலில் கேட்டது, “யக்கா, வரும்போது என்ன கொண்டு வருவிய?” என்பதைத்தான். அரிசியும் கருப்பட்டியும் எண்ணெயும் சேர்த்து 22 கிலோ ஆகும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். எண்ணெயைக் கைப்பையில் வைத்துப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியாது. பெட்டியில் போட்டே ஆக வேண்டும்.

அவருக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டியதை இங்கேயும் எழுதுகிறேன். விலைகள் நாளுக்கு நாள் மாறும், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள். திரையில் 4,200 காட்டியது பெட்டியில்லாத டிக்கெட். இன்னொரு நிறுவனம் 4,900 காட்டியது, அதில் 15 கிலோ அடக்கம். முதலாவதற்கு 15 கிலோவை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் 1,000 ரூபாய், மொத்தம் 5,200. 700 ரூபாய் மலிவாகத் தெரிந்தது உண்மையில் 300 ரூபாய் கூடுதல். அதையும் வாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கவுன்டரில் போய் நின்றால், கிலோவுக்கு 500 என்று வைத்துக்கொண்டாலும் 22 கிலோவுக்கு 11,000 ரூபாய். டிக்கெட்டைவிட மூட்டைக்கு இரண்டரை மடங்குக்கு மேல்.

15 கிலோ உள்ள 4,900 ரூபாய் டிக்கெட்டை எடுத்தாலும் பாக்கி 7 கிலோ இருக்கிறது. கவுன்டரில் அதற்கு 3,500, மொத்தம் 8,400. முன்கூட்டியே வாங்கினால் மலிவுதான், ஆனால் அது கிலோ கிலோவாகக் கிடைக்காது, 5, 10 என்று கட்டாகத்தான் விற்பார்கள். 7 கிலோவுக்காக 10 கிலோ வாங்க வேண்டும். 25 கிலோ அடங்கிய மேல்நிலைக் கட்டணம் அன்று 6,400-க்கு இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் மலிவு, தேதி மாற்றினாலும் அபராதம் குறைவு. திரையில் விலை வரிசையில் அது கீழே கிடந்ததால் அக்காவின் கண்ணில் படவே இல்லை.

எடை ஒன்று, எண்ணிக்கை வேறு. உள்நாட்டில் 15 கிலோ என்றால் அது ஒரே பெட்டி என்று வைத்திருக்கிற நிறுவனங்கள் உண்டு. இரண்டு பைகளில் எட்டும் ஏழுமாகப் பிரித்துக் கொண்டுபோனால், எடை சரியாக இருந்தும் இரண்டாவது பைக்குத் தனிக் கட்டணம் விழும். குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, எல்லாரையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள், கவுன்டருக்கும் ஒன்றாகவே போங்கள். ஒருவர் பெட்டி 19, இன்னொருவர் பெட்டி 10 என்றாலும் இருவருக்குமான 30 கிலோவுக்குள் அடங்கிவிடும். அவசரத்தில் தனித்தனியாக டிக்கெட் எடுத்துவிட்டால் 19 கிலோக்காரர் 4 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டியதுதான். இது எதுவானாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது தூக்கி ஏற்றுகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு. பணம் கொடுத்தாலும் மாறாது, மாறவும் கூடாது.

வளைகுடாவில் வேலை பார்க்கிற தாராவிப் பையன்களுக்கு இதில் வேறொரு சிக்கல். துபாயிலிருந்து மும்பை வரை 30 கிலோ கிடைக்கிறது. மும்பையிலிருந்து மதுரைக்குத் தனி டிக்கெட்டாக எடுத்தால் அந்த இரண்டாம் பயணத்துக்கு 15 மட்டுமே. இரண்டு வருஷம் உழைத்து வீட்டுக்கு வாங்கிய சாமானில் பாதிக்கு, நடு வழியில், கவுன்டர் விலையில் பணம் கட்டுகிறான். துபாய்–மதுரை என்று ஒரே டிக்கெட்டாகப் போட்டால் வெளிநாட்டுப் பயணத்துக்குரிய எடையே கடைசி வரை செல்லும். தனியாக எடுப்பதைவிட அது சில ஆயிரம் கூடுதலாகத் தெரியும். கூடுதல் 15 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் மிச்சம்தான்.

மற்ற சில்லறைகளில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சமே. ஆன்லைனில் பணம் கட்டும்போது விழுகிற வசதிக் கட்டணம் ஆளுக்கும், ஒவ்வொரு பயணப் பகுதிக்கும் தனித்தனி. நான்கு பேர் போய் வந்தால் எட்டு முறை. இருக்கைக்குக் காசு கேட்கும் பக்கத்தைத் தாண்டிப் போகலாம், கவுன்டரில் மிச்சமிருக்கிற இருக்கையைச் சும்மா தருவார்கள். போர்டிங் பாஸைக் கவுன்டரில் வாங்கினால் 200 ரூபாய் என்று சில நிறுவனங்கள் வசூலித்தன. அப்படி வாங்கக் கூடாது என்று அமைச்சகம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. எந்தச் சேவையையும் நீங்கள் கேட்டால்தான் சேர்க்க வேண்டும், முன்பே டிக் போட்டு வைக்கக் கூடாது என்றும் டிஜிசிஏ விதி இருக்கிறது. ஆகவே பணம் கட்டும் பக்கத்தில் ஒரு தடவை மேலிருந்து கீழே படித்து, கேட்காததை எடுத்துவிடுங்கள். அதே பக்கத்தில் பெட்டி எடை 0 என்றிருக்கிறதா, 15 என்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியில்லாத டிக்கெட்டை நான் வெறுக்கவில்லை. கூட்டத்துக்குப் போய் மறுநாள் திரும்புகிறவருக்கு அது நியாயமான விலை. கைப்பை 7 கிலோவுக்குள் இருந்தால் போதும், அடுத்தவர் மூட்டைக்கு அவர் ஏன் பணம் தர வேண்டும்? ஆனால் நம் பயணம் அப்படிப்பட்டது இல்லை. நாம் ஊருக்குப் போவது கையோடு எதையாவது கொண்டுபோய்க் கொடுக்க, எதையாவது வாங்கிக்கொண்டு வர. அந்த மூட்டைதான் இப்போது தனியாக விலை பேசப்படுகிறது, அதுவும் வயதானவர்களிடமும் ஆங்கிலத் திரையைப் படிக்க முடியாதவர்களிடமும் கவுன்டரில், வரிசையில் பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது. எனக்கு இதில்தான் கோபம். எடை வரம்பை விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், நம் மொழியில் காட்டினால் பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

அக்காவுக்குப் போக ஒரு வகை, வர ஒரு வகையாகப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு திசைக்கும் ஒரே கட்டண வகை எடுக்க வேண்டுமென்று விதி எதுவும் இல்லை, பலருக்கு இது தெரிவதில்லை. போகும்போது அவரிடம் நான்கு சேலையும் பிள்ளைகளுக்குத் துணியும்தான், கைப்பையோடு முடிந்துவிடும், 4,200. வரும்போது 25 கிலோ உள்ளது, 6,400. ஆக 10,600. மலிவாகத் தெரிந்ததையே இரண்டு பக்கமும் போட்டிருந்தால் திரையில் 8,400, கவுன்டரில் 11,000, மொத்தம் 19,400.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அப்பம் இன்னும் 3 கிலோ மிச்சம் இருக்குல்லா அண்ணாச்சி?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அல்வா வாங்கிவர அது போதும் என்றார்.