எரிச்சலைக் கேளுங்கள், ஐடியா தானாக வரும்!

புது டீம் லீட், சிறுசேரி: கம்பெனிக்குள் நாங்களே பயன்படுத்த ஒரு புது புராடக்ட் செய்யலாம் என்று ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து மெயில் போட்டேன். 'புதுமையாக யோசித்து வாருங்கள்' என்று அன்பாகத்தான் எழுதினேன். 22 பேரில் 3 பேர்தான் பதில் போட்டார்கள். ஏன்?

'புதுமை' என்றதும் பாதிப் பேர் பயந்துவிட்டார்கள், மீதிப் பேர் மெயிலை மூடிவிட்டார்கள். 'இந்த ஆபீஸில் உனக்கு எது எரிச்சல்?' என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் சீட்டுக்கு முன்னால் க்யூ நிற்கும்!

அவரே: அப்படியானால் மெயிலை எப்படி எழுதுவது?

இப்படி:

'தலைப்பு: உங்கள் நேரத்தைத் தின்னும் வேலை எது? வியாழன் 3 மணி.

நண்பர்களே, நமக்காக நாமே செய்துகொள்ளும் ஒரு சிறு கருவியைத் தேர்ந்தெடுக்க, வியாழன் 3 முதல் 4.30 வரை கூடுகிறோம். செவ்வாய் மாலைக்குள் மூன்று வரி அனுப்புங்கள்: எந்த வேலை, யாருக்கெல்லாம் தொல்லை, எவ்வளவு நேரம் போகிறது. தீர்வு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேர்வாகும் ஒன்றைச் செய்ய இருவருக்கு இரண்டு வாரம் ஒதுக்க மேனேஜர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முடிவு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் வரும்.'

இதில் உயிர் 'இருவருக்கு இரண்டு வாரம்' என்பதில் இருக்கிறது. மேனேஜரிடம் அதை வாங்கிவிட்டு மெயிலைத் தட்டுங்கள். வாங்காமல் அழைத்தால், பந்தி போடாத கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த கதை.

டெஸ்டர், கோவை: அந்த மூன்று வரிக்கு ஓர் உதாரணம்?

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். டீமுக்குப் பொதுவாக 12 டெஸ்ட் போன்கள். எந்த போன் யாரிடம் என்று 8 டெஸ்டர்கள் ஆளுக்குத் தினம் 15 நிமிஷம் தேடுகிறார்கள். தினம் 2 மணி நேரம்; மாதம் 22 வேலை நாள் என்றால் 44 மணி நேரம். ஒரு முழு ஆளின் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் தேடலிலேயே போகிறது. மூன்று வரியும் வந்துவிட்டதா?

அவரே: அதற்குத்தான் எக்ஸெல் ஷீட் இருக்கிறதே?

இருக்கிறது, போன மாதத் தகவலோடு. போனை எடுப்பவர் அவசரத்தில் இருக்கிறார், சீட்டுக்குப் போய் ஷீட்டைத் திறந்து பெயர் எழுத மாட்டார். எடுக்கும் இடத்திலேயே பதிவானால்தான் பதிவு. போனின் முதுகில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர், ஸ்கேன் செய்தால் எடுத்தவர் பெயர் ஏறும். நல்ல புராடக்ட்தான். ஆனால் கோடு எழுதும் முன் சுவரில் 12 ஆணி அடித்து, போனை எடுப்பவர் தன் பெயர் அட்டையை அங்கே மாட்டட்டும். இரண்டு வாரத்தில் தேடல் நின்றுவிட்டதா? ஆணியே போதும். அட்டை மாட்டவும் மறக்கிறார்களா? ஸ்கேன் செய்யவும் மறப்பார்கள். வேறு ஊரிலிருக்கும் டீமுக்குச் சுவர் தெரியவில்லையா? அப்போது ஆப் செய்யுங்கள்!

பொறியியல் மாணவி, திருச்சி: எல்லோரும் கூடிப் பேசினால் நிறைய ஐடியா வருமாமே?

'பிரெயின்ஸ்டார்மிங்'கைப் பரப்பிய விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் அப்படித்தான் நம்பினார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். நாலு பேர் கூடிப் பேசியதைவிட, நாலு பேர் தனித்தனியே எழுதியதைச் சேர்த்தபோது ஐடியா அதிகம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருப்பில் சொல்ல வந்தது பறந்துவிடுகிறது. முதல் 10 நிமிஷம் எல்லோரும் வாய்மூடி எழுதட்டும். சத்தம் பிறகு.

வாசகர், மதுரை: ஒர்க்‌ஷாப்புக்கு மேனேஜரைக் கூப்பிடலாமா?

கட்டாயம். ஆனால் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் வாய் திறந்தால், மற்ற ஐடியாக்கள் எல்லாம் அவர் ஐடியாவுக்குத் தம்பிகளாகிவிடும்.

வாசகர், திருப்பூர்: உள் உபயோகத்துக்குச் செய்த கருவி வெளியே விலைபோனதுண்டா?

ஸ்லாக்! 'கிளிட்ச்' என்ற ஆன்லைன் விளையாட்டைச் செய்த டீம், தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்தது. 2012இல் விளையாட்டை மூடினார்கள். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் ஸ்லாக்கை வாங்கிய விலை சுமார் 2,770 கோடி டாலர். ஆட்டம் அவுட், அரட்டை நாட் அவுட்!

பெயர் வேண்டாம், சென்னை: போன வருஷம் ஐடியா கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை. இந்த வருஷமும் மெயில் வந்திருக்கிறது. போகட்டுமா?

போங்கள், போகும் முன் 'போன வருஷம் கொடுத்தது என்ன ஆயிற்று?' என்று அந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். அது உங்கள் உரிமை. டீம் லீடுகளே, உங்களுக்கும்தான்: 20 ஐடியா வந்து ஒன்றை எடுத்தால், மீதி 19 பேருக்கும் ஏன் எடுக்கவில்லை என்று ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அரை மணி நேர வேலை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் முன் அதை முடித்துவிடுங்கள்.