பத்து நிமிட விண்வெளி

கேள்வி: கோபி தோட்டகுரா 2024 மே 19 அன்று விண்வெளிக்குப் போய்ப் பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார். சுபான்ஷு சுக்லாவோ விண்வெளி நிலையத்தில் 18 நாள் மிதந்தார். ஏன் இந்த ஓரவஞ்சனை?
– ஒரு வாசகர், டாக்குரியா, கொல்கத்தா

பதில்: வஞ்சித்தது வேகம். 100 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு 3 சதவீதம்தான் குறைவு. மிதக்க வைப்பது உயரமல்ல, தடையின்றி விழுவது. கோபி ஏறிய நியூ ஷெப்பர்டு ராக்கெட், எஞ்சின் அணையும்போது நொடிக்குச் சுமார் 1 கி.மீ. வேகத்தில் நேர் மேலே போனது. அதில் நொடிக்கு 10 மீட்டர் வீதம் ஈர்ப்பு பிடுங்கிக்கொள்ள, 100 நொடியில் உச்சி. இறங்கவும் அதே கணக்கு. கீழே காற்று தடுத்ததும் எடை திரும்பிவிடும். மூன்று நிமிடச் சொச்சம், அவ்வளவே! ‘இன்னும் உயரப் போகலாமே’ என்பீர்கள். மிதப்பை இரட்டிப்பாக்க, எஞ்சின் அணைந்தபின் நாலு மடங்கு உயரம் ஏற வேண்டும். திரும்பும்போது காற்று கொடுக்கும் அடியும் பலமாக இருக்கும். சுக்லாவும் விழுந்துகொண்டேதான் இருந்தார். பக்கவாட்டில் நொடிக்கு 7.7 கி.மீ. பாய்ந்ததால், அவர் விழ விழப் பூமி வளைந்து நழுவிக்கொண்டது.