F7-ல் ஒரு தப்பு

1996-ல் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். மேனேஜர் எழுதிய பேரேட்டில் தப்பு இருந்தால் அதைச் சொல்வதற்கென்று ஒரு முறை அங்கே இருந்தது. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போய், "சார், இந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துடுங்க" என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். எது தப்பு, எவ்வளவு தப்பு என்று நாம் வாய் திறக்கக் கூடாது. அவராகவே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் மரியாதை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு பக்கத்தின் அடியில் 46,350 என்று கூட்டியிருந்த தொகை, அடுத்த பக்கத்தின் தலைப்பில் 43,650 ஆகியிருந்தது. வித்தியாசம் 2,700. ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிற வித்தியாசம் வந்தால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கு எழுதுகிறவர்களின் பழைய சோதனை. ஆறும் மூன்றும்தான் மாறியிருந்தன. எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. புள்ளி வைத்தேன், போனேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார், "சரியாத்தானே இருக்குது" என்று கையெழுத்துப் போட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த அறிக்கை திரும்பி வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தெரிஞ்சிருந்தா ஏம்ப்பா சொல்லலை?" அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. புள்ளி வைத்தது சொன்னதாகாது என்று எனக்குப் புரிய அந்த 2,700 ரூபாய் தேவைப்பட்டது.

இப்போது அதே ஊரில் வேறொரு பம்ப் கம்பெனியில் இருக்கிறேன். பேரேட்டின் இடத்தில் கூகுள் ஷீட். சென்ற ஆண்டு ஒரு பெரிய கொட்டேஷனுக்கான ஷீட்டை எங்கள் மேனேஜரே தயாரித்துப் பிரிவில் இருந்த பதினான்கு பேருக்கும் பகிர்ந்திருந்தார். D பத்தியில் 'வரி உட்பட விலை', F பத்தியில் ஜிஎஸ்டி. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த பெண் ஒருத்தி அதைத் திறந்தவுடன் தப்பைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் குழு சாட்டில் மூன்று வரி போட்டாள்.

"சார், வரி எல்லாம் தப்பு."
"18/118 போடணும். இது பேசிக்."
"இதை யாருமே செக் பண்ணலையா?"

ஐந்து நிமிடத்தில் மேனேஜரின் பதில் வந்தது: "போன வருஷமும் இதே ஷீட்தான். கஸ்டமர் ஓகே பண்ணதுதான்." அதோடு சாட் அமைதியாகிவிட்டது. ஷீட் அப்படியே இருந்தது. நான் பணிந்து புள்ளி வைத்தபோது எது நடந்ததோ, இவள் போட்டு உடைத்தபோதும் அதுவே நடந்தது. இரண்டு முறையும் தப்பு தன் இடத்தை விட்டு நகரவில்லை.

"தப்பைத் தப்புன்னு சொல்றதுல என்னங்க சார் இருக்குது?" என்று என்னிடம் வந்து கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் சொன்ன கணக்கு முழுக்கச் சரி. ஷீட்டில் இருந்த சூத்திரம் இது:

```
=D7*18%
```

D7-ல் 1,18,000. அது வரியையும் சேர்த்த விலை என்றால், 100 ரூபாய் சரக்குக்கு 18 ரூபாய் வரி சேர்ந்து 118 ஆகிறது. அந்த 118-ல் 18 பங்குதான் வரி. ஆகவே சூத்திரம் இப்படி இருக்க வேண்டும்:

```
=D7*18/118
```

வரி 18,000, சரக்கின் விலை 1,00,000. மேனேஜரின் ஷீட்டில் வரி 21,240 என்றும் சரக்கு 96,760 என்றும் வந்திருந்தது. ஒரு பம்புக்கு 3,240 ரூபாய் நம் வருமானத்திலிருந்து வரிக் கணக்குக்குப் போகிறது.

இருவரும் உட்கார்ந்து சாட்டில் அவள் போட்ட அந்த மூன்று வரிகளையும் எடுத்துக்கொண்டோம். 'வரி எல்லாம் தப்பு' என்பதில் எந்தக் கட்டம் என்று இல்லை. பதினான்கு பேர் பார்க்கிற இடத்தில் 'எல்லாம்' என்று வந்தால் படிக்கிறவர் ஷீட்டைத் திறந்து பார்க்க மாட்டார், தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். 'இது பேசிக்' என்பது வரியைப் பற்றிய வாக்கியமே இல்லை, மேனேஜரைப் பற்றியது. அதை மென்மையாக்க வழி கிடையாது, எடுத்துவிட்டோம். மூன்றாவது வரியில்தான் அதிக நேரம் நின்றோம். 'யாருமே செக் பண்ணலையா' என்பது கேள்வி மாதிரி இருக்கிறதே தவிர, பதிலை எதிர்பார்க்காத கேள்வி. அந்த இடத்தில் நமக்கு நிஜமாகவே பதில் தெரியாத கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "D-ல இருக்கிற விலை நிஜமா வரி உட்படவா? தலைப்பு தப்பா இருந்தா?" என்றாள். விலை வரி சேர்க்காததாக இருந்தால் மேனேஜரின் சூத்திரம்தான் சரி, தலைப்புதான் தப்பு. அவளுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

F7-ஐத் தேர்ந்தெடுத்து கமெண்ட்டாக அவள் எழுதியது இது:

"சார், F7-ல் வரி 21,240 வருகிறது. D7-ல் உள்ள 1,18,000 வரி உட்பட்ட விலை என்றால் வரி 18,000 வர வேண்டும். சரிபார்க்க: ஷீட்டில் உள்ள 96,760-க்கு 18% போட்டால் 17,416.80தான் வருகிறது. F18 வரை இதே சூத்திரம் இருக்கிறது. D பத்தி விலைகள் வரி உட்பட்டவைதானா சார்? ஆம் என்றால் நான் மாற்றிவிடுகிறேன். கொட்டேஷன் நாளை 11 மணிக்குப் போக வேண்டும்."

'சார்' இரண்டு முறைதான் வருகிறது. மன்னிப்பு இல்லை, 'தவறாக நினைக்க வேண்டாம்' இல்லை. முதலில் அவள் மூன்று வரி மன்னிப்பு எழுதியிருந்தாள், நான்தான் எடுக்கச் சொன்னேன். கமெண்ட்டில் அவர் பெயரைச் சேர்த்தால் அது அவருக்கு மின்னஞ்சலாகவும் போகும். போனில் ஓடிக்கொண்டே படிக்கிறவர் கண்ணில் முதலில் பட வேண்டியது F7. மன்னிப்புக்குக் கீழே தொகையைப் புதைப்பது, நான் பென்சில் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்த அதே காரியம். சாட்டில் ஒரு வரி மட்டும் போட்டாள்: "வரி பத்தி ஷீட்ல கமெண்ட் போட்டிருக்கேன் சார், பார்த்துடுங்க." கொட்டேஷன் அரை மணியில் கிளம்புவதாக இருந்திருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டுப் போனில் கூப்பிடத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று. "நானே மாத்திடட்டுமா, ஒரு செகண்டு வேலை" என்று இடையில் கேட்டாள். அந்த ஷீட்டில் அவளுக்கு அனுமதி இருந்தது. வேண்டாம் என்றேன். மாற்றியது யார் என்று பதிப்பு வரலாற்றில் தெரிந்துவிடும் என்பது சின்ன விஷயம். அதற்குள் பழைய தொகையை யாராவது வேறு தாளுக்கு எடுத்துப் போயிருந்தால், இரண்டு தொகைகள் உலவும்.

மேனேஜர் முக்கால் மணி நேரம் கழித்துக் கமெண்ட்டுக்குக் கீழேயே பதில் எழுதினார். பன்னிரண்டு வரிசைகளில் பத்தில் விலை வரி உட்பட்டதுதான், சூத்திரத்தை மாற்றச் சொன்னார். F15, F16 இரண்டும் வெளியில் வாங்கிக் கொடுக்கும் கண்ட்ரோல் பேனல்கள். அவற்றின் விலை வரி சேர்க்காமல் வந்தது, தலைப்பைப் பார்க்காமல் அங்கே ஒட்டியிருக்கிறார். அந்த இரண்டு வரிசைகளிலும் பழைய சூத்திரமே சரி.