நான் இருபத்து நான்கு வகை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் முகத்தை ஸ்டிக்கர் தொகுப்பாக வெளியிட வேண்டும் என்று மகள் முடிவு செய்தாள். ஒரு தொகுப்பில் குறைந்தது 3, அதிகபட்சம் 30 ஸ்டிக்கர் வைக்கலாமாம். எனக்கு 24 போதும் என்றாள். எனக்கு அத்தனை முகபாவம் கிடையாது என்பது என் மனைவியின் கருத்து.

படம் வரையும் ஏஐ செயலியில் என் போட்டோ ஒன்றைக் கொடுத்து, 'காலை வணக்கம்' சொல்லும் கார்ட்டூனை வரவழைத்தாள். அச்சு அசல் நான். அந்தக் கார்ட்டூனையே திரும்பக் கொடுத்து 'சரி' வாங்கினாள். 'சரி'யைக் கொடுத்து 'அழுகை' வாங்கினாள். 'அழுகை'க்கு வருவதற்குள் என் தலையில் முடி முளைத்துவிட்டது. கன்னம் மெலிந்து, வயதும் பாதியாகிவிட்டது. நான் அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். "யாருங்க இது, என் தம்பி மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. உடனே எனக்கும் பிடிக்காமல் போய்விட்டது.

ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே போனால் எழுத்து மங்குவதைப்போலத்தான் இது. ஒவ்வொரு முறையும் செயலி கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகே அடுத்த படத்துக்கு அசலாகிவிடும். பிசகும் கண்டபடி நடப்பதில்லை. கார்ட்டூன் என்றால் பெரிய கண், அடர்ந்த முடி, இளமை என்று அது பழகிவைத்திருக்கிறது. பிடியை விட்டால் அந்தப் பக்கம்தான் சாயும். ஆகவே ஒரே ஒரு தாய்ப்படம் தயாரித்தாள்: நேராக, அரைப்பக்கமாக, முழுப்பக்கமாக, எந்த உணர்ச்சியும் காட்டாத நான். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. இனி ஒவ்வொரு ஸ்டிக்கரும் நேரே தாய்ப்படத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். ஸ்டிக்கருக்கு ஸ்டிக்கர் பிறக்கக் கூடாது.

அடுத்து, என்னிடம் எது 'நான்' என்று குடும்பம் கூடி விவாதித்தது. அறிவு, பெருந்தன்மை என்று தொடங்கினேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முடிவில் தேறியவை: முன் வழுக்கை, காதோரம் மட்டும் நரைமுடி, கறுப்புச் சதுரக் கண்ணாடி, தடித்த நரை மீசை. கார்ட்டூனில் முகத்தின் நுணுக்கமெல்லாம் உதிர்ந்துவிடுவதால் இந்த நாலைந்து அடையாளம்தான் ஆளைத் தாங்கும். வலக் கன்னத்து மச்சம் யோகம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். செல்ஃபிகளில் சில இடவலம் மாறிப் பதிவாகியிருந்ததால் மச்சம் கன்னம்விட்டுக் கன்னம் தாவியது. 512 பிக்சல் படம் போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும்போது யோகம் கண்ணுக்கே தெரியவில்லை. நீக்கிவிட்டார்கள். என் கட்டம்போட்ட சட்டையும் போயிற்று. படத்துக்குப் படம் கட்டங்களின் எண்ணிக்கை மாறியதால் இளநீல வெற்றுச் சட்டை வந்தது.

இந்த வர்ணனையை ஒரே வாக்கியமாக எழுதி, ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஒட்டினாள். கடைசி வரி மட்டும் மாறும்: 'கைகூப்புகிறார்', 'தலையில் அடித்துக்கொள்கிறார்'. நான் ஆர்வத்தில் 'பெரியவர்' என்று ஒரு சொல் சேர்க்கச் சொன்னேன். நெஞ்சுவரை வெண்தாடியுடன் ஒரு ரிஷி வந்து நின்றார்.

சிக்கல் சிரிப்பில்தான். தாய்ப்படத்தில் இல்லாததைச் செயலி ஊகித்து நிரப்பும். என் சிரிப்புக்கு ஆல்பத்தில் ஆதாரமே இல்லாததால், வரிசை பிசகாத வெள்ளைப் பற்களும் மூடிய கண்களுமாக யாரோ ஒரு பற்பசை விளம்பரக்காரர் சிரித்தார். என் முன்பல் இடைவெளி அதற்கு எப்படித் தெரியும்? நிஜமாகச் சிரிக்கும் போட்டோ ஒன்று தேவைப்பட்டது. நான் சொந்தமாகக் குழாய் ரிப்பேர் செய்த கதையை மனைவி எடுத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர. கடைசியில் மச்சினனுக்கு வந்த கரண்ட் பில் தொகையைச் சொன்னபோதுதான் படம் கிடைத்தது. கோபத்துக்கு இந்தப் பாடு இல்லை. ஆல்பம் முழுக்க ஆதாரம்.

எல்லாவற்றையும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி வரிசையாக அடுக்கி, எதிர்வீட்டுப் பாப்பாவிடம் காட்டினோம். இருபத்திரண்டுக்கு "தாத்தா" என்றது. இரண்டைப் பார்த்து "வேற தாத்தா" என்றது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றில் கண்ணாடி வட்டமாகியிருந்தது. மற்றதில் மீசை கறுத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எங்கள் கண்ணில் படாதது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கே தெரிகிறது. இரண்டையும் தாய்ப்படத்திலிருந்து மறுபடி எடுத்து, சுற்றிலும் வெள்ளை ஓரம் கொடுத்து, ஒவ்வொன்றையும் 100 கேபிக்குள் அடக்கி வெளியிட்டோம்.

போன வாரம் கண்ணாடி உடைந்தது. கடையில் வட்டச் சட்டம் ஒன்று எனக்கு எடுப்பாக இருந்தது. மனைவி பிடுங்கி வைத்துவிட்டாள். "ஸ்டிக்கருக்கு ஒத்துவராதுங்க. கறுப்புச் சதுரமே எடுங்க." மீசைக்குச் சாயம் பூசும் திட்டத்தை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.